முதியவர்களிடம் மருத்துவக் காப்பீடு விற்கும் நீலகிரி முகவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது வயதைத் தாண்டியவரிடம் பேச உட்காரும்போது முதலில் எதைச் சொல்ல வேண்டும்?

அவர் கையிலிருந்து போகப்போகிற பணத்தை. பெரும்பாலான நோட்டீஸ்கள் "5 லட்சம் ரூபாய் காப்பீடு" என்று தொடங்குகின்றன. அதைக் கேட்கும் பெரியவர், 5 லட்சம் வரை எந்த பில் வந்தாலும் தனக்குச் செலவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில் தவறும் இல்லை, நாம் சொன்னது அவ்வளவுதானே. பிறகு டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்டரில் 84,000 ரூபாய் கட்டச் சொல்லும்போது அவர் திட்டுவது கம்பெனியை அல்ல, உங்களை. கோத்தகிரி மாதிரி ஊரில் அந்தச் செய்தி ஒரே வாரத்தில் சுற்றியுள்ள நாலு படுகர் ஹட்டிக்குப் போய்விடும்.

மூத்தோர் பாலிசியில் பணம் கையைவிட்டுப் போகிற இடங்கள் நான்கு: ஏற்கும் பில்லில் ஒரு பங்கை அவரே கட்டும் கோ-பே, அறை வாடகை வரம்பு, பாலிசி தராத சில்லறைப் பொருட்கள், சில நோய்களுக்குப் பணம் வராத காத்திருப்புக் காலம். உங்கள் தாளின் மேல் பாதியில் இவை நான்கும் இருக்கட்டும். காப்பீட்டுத் தொகை கீழ்ப் பாதிக்குப் போகட்டும்.

இப்படிச் சொன்னால் சிலர் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள், உண்மைதான். அவர்களில் பலர் எப்படியும் பாலிசி கைக்கு வந்ததும் திருப்பித் தருபவர்கள், அல்லது அடுத்த வருடம் புதுப்பிக்காதவர்கள்.

கோ-பே என்றால் தலையாட்டுகிறார்கள், ஆனால் புரிவதில்லை. அறை வாடகை வரம்பை எப்படி விளக்குவது?

சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு முழு பில்லைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்வதால் தனித்தனியாக விளக்கினால் கணக்கு பிடிபடாது.

காப்பீட்டுத் தொகை 5 லட்சம், அறை வாடகை அதில் 1 சதவீதம் வரை, அதாவது நாளுக்கு 5,000 ரூபாய், கோ-பே 20 சதவீதம் என்று ஒரு பாலிசியை வைத்துக்கொள்வோம். 67 வயதுக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கோவையில் 6 நாள் படுக்கிறார். கூட இருப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மகன் நாளுக்கு 7,500 ரூபாய் அறை எடுக்கிறார். பில் இப்படி வருகிறது: அறை 45,000, மருத்துவர், அறுவை அரங்கு, நர்சிங் எல்லாம் சேர்த்து 90,000, மருந்து, உள்ளே வைத்த கம்பி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 75,000, கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற சில்லறை 6,000. மொத்தம் 2,16,000.

அறைக்கு 6 நாளுக்கு 30,000தான் பாலிசி தரும். 15,000 கையிலிருந்து. இதுவரை எல்லோருக்கும் புரியும்.

அடுத்ததில்தான் எல்லோரும் விழுகிறார்கள். பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர்ந்தால் மருத்துவர் கட்டணம், அரங்குக் கட்டணம் எல்லாம் சேர்ந்து உயரும். ஆகவே 7,500 ரூபாய் அறையில் 5,000க்குத்தான் தகுதி என்றால், அந்த 90,000த்திலும் மூன்றில் இரண்டு பங்கு, 60,000தான் ஏற்பார்கள். இன்னொரு 30,000 போயிற்று. மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆகவே 75,000 முழுசாக வரும். சில்லறை 6,000 வராது.

கம்பெனி ஏற்றுக்கொண்டது 30,000 + 60,000 + 75,000 = 1,65,000. அதில் 20 சதவீதம் கோ-பே, 33,000. கம்பெனி கட்டுவது 1,32,000. குடும்பம் கட்டுவது 84,000.

இப்போது அதே நோயாளியை 5,000 ரூபாய் அறையில் போடுங்கள். மருத்துவர், அரங்குக் கட்டணம் குறையாமல் 90,000 ஆகவே இருந்தாலும், ஏற்கும் தொகை 1,95,000, கோ-பே 39,000, சில்லறை 6,000. குடும்பம் கட்டுவது 45,000. அறையை மாற்றியதில் மட்டும் 39,000 ரூபாய் வித்தியாசம். நடைமுறையில் கட்டணமும் அறைக்கேற்பக் குறையும் என்பதால் இன்னும் கூடவே மிஞ்சும்.

இந்த இரண்டு பில்லையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பிறகு ஆதார் அளவில் ஓர் அட்டையில் "அறை நாளுக்கு 5,000 வரை மட்டும்" என்று எழுதி, காப்பீட்டு அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அட்மிஷன் போடுகிற ராத்திரியில் பாலிசியைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த ஒரு வரிதான் மகன் கண்ணில் படும்.

அறை வரம்பே இல்லாத பாலிசிகளும் உண்டு, பிரீமியம் கூட வரும். கோவையில் தனியறைதான் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் குடும்பத்துக்கு அதைத்தான் காட்ட வேண்டும்.

நோட்டீஸ் எந்த அளவு, எந்தத் தமிழில் இருக்க வேண்டும்?

ஏ4 தாளில் ஒரு பக்கம். எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல், தொகைகள் 20 புள்ளியில். பளபளப்புத் தாள் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் திரும்புவதில், கண்புரை உள்ளவர்களுக்கு எழுத்தே தெரியாது. மழை மாதங்களில் ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டியும் போகும். வெளிர் தாளில் கறுப்பு மை போதும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பச்சையில் மஞ்சள், இவையெல்லாம் கடைப் பலகைக்குச் சரி.

மொழி விஷயத்தில் கம்பெனி அனுப்பும் தமிழைப் பெரும்பாலும் அப்படியே போட முடியாது. "ஏற்றுக்கொள்ளத்தக்க ஒவ்வொரு கோரிக்கைத் தொகையின் மீதும் 20% இணைச்செலுத்தல் பொருந்தும்" என்று வரும். அதை இப்படி எழுதலாம்: "கம்பெனி ஒத்துக்கொள்ளும் பில் 1 லட்சம் என்றால் அதில் 20,000 நீங்கள் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை முறை சேர்ந்தாலும், ஒவ்வொரு முறையும்." அந்த இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கோ-பே வருடத்துக்கு ஒரு முறைதான் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

"கேஷ்லெஸ்" என்பதைத் தனியாக விடவே கூடாது. பாதிப் பேருக்கு அது இலவசம் என்றுதான் காதில் விழுகிறது. "முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்ட வேண்டியதில்லை, டிஸ்சார்ஜ் ஆகும்போது உங்கள் பங்கை மட்டும் கட்டுவீர்கள்" என்று விரித்து எழுதுங்கள். அந்த டிஸ்சார்ஜ் அனுமதியை ஆஸ்பத்திரி கேட்ட 3 மணி நேரத்துக்குள் கம்பெனி தர வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காத்திருப்புக் காலத்தை மாதக் கணக்கில் எழுதாமல் தேதியாக எழுதுங்கள். "36 மாதம்" என்றால் விரல் விட்டு எண்ண வேண்டும். "சுகரால் வரும் சிகிச்சைக்கு இந்தத் தேதியிலிருந்துதான் பணம்" என்று பாலிசி தொடங்கும் நாளை வைத்துக் கணக்குப் போட்டு, நாள், மாதம், வருடம் மூன்றையும் பேனாவால் அவர் கண் முன்னால் நிரப்புங்கள்.

பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று வரும். எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, காத்திருப்பு எவ்வளவு, புகார் யாரிடம் என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். கேட்டால் தமிழில் தர வேண்டும். முகவர்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள். அதில் கோ-பே வரியை மார்க்கர் பேனாவால் தீட்டிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நோட்டீஸை நாங்களே அச்சடித்துக்கொள்ளலாமா?

கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கும் இதே விதிதான். எளிய தமிழில் எழுதிய தாளைக் கிளைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். நாள் பிடிக்கும், ஆனால் கிடைக்கும். பழைய நோட்டீஸ் கட்டு மிச்சம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. "+ 18% வரி" என்று அச்சடித்த தாளை இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தால், பேரன் அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதும் மீதி எதையும் நம்ப மாட்டார்கள்.

சுகர், பிரஷர் எல்லாம் இருக்கிறதா என்றால் "ஒண்ணும் இல்லை" என்கிறார்கள். அப்படியே எழுதிவிடலாமா?

வேண்டாம். கிளைம் நிராகரிப்பில் வந்து முடியும் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பெரியவர் பொய் சொல்வதில்லை. மாத்திரை போட்டு சுகர் கட்டுக்குள் இருந்தால், அவரைப் பொறுத்தவரை சுகர் இல்லை. 2011ல் வைத்த ஸ்டென்ட் அவருக்கு முடிந்துபோன விஷயம். "நோய் இருக்கா?" என்ற கேள்வியே தவறான கேள்வி. "தினமும் என்ன மாத்திரை போடுறீங்க, டப்பாவைக் கொஞ்சம் கொண்டாங்கம்மா" என்று கேளுங்கள். வீட்டம்மா பிஸ்கட் டப்பாவையோ பிளாஸ்டிக் பையையோ கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, பெயரையும் மில்லிகிராமையும் படிவத்தில் எழுதுங்கள். மெட்ஃபார்மின் இருந்தால் பெரும்பாலும் சுகர் உண்டு. ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டன் இருந்தால் பிரஷர் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். குளோபிடோக்ரெல் இருந்தால் இதயமா, பக்கவாதமா என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பிறகு மூன்று கேள்வி: எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்களா, எந்த ஆபரேஷன் ஆனது, கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தார்கள்.

எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம், சில கம்பெனிகள் மறுக்கலாம், முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு வரும். 2024 ஏப்ரல் முதல் அந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடி முடியும் வரை, மறைத்ததைக் காட்டிக் கம்பெனி கிளைமைத் தள்ளலாம், பாலிசியையே ரத்து செய்யலாம். அதற்குப் பிறகும் மோசடி என்று நிரூபித்தால் தள்ளலாம். ஆஸ்பத்திரியின் பழைய ஓ.பி. சீட்டில் "சுகர், 8 வருடமாக" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

"இல்லைன்னு போட்டுக்கலாம், பிரீமியம் கம்மியாகும்" என்று ஒரு முகவர் சொன்னால், அன்றைக்கு அவர் நல்லவர் போலத்தான் தெரிவார். மூன்றாம் வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

அவருக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "புரிஞ்சுதா" என்றால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள்.

"ஆமாம்" என்பது மரியாதைக்கு. அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள், ஆனால் பரீட்சை மாதிரி இருக்கக் கூடாது. "ஐயா, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அம்மாவுக்கு நீங்க இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். குறை உங்கள் பேச்சில் என்று வைத்துவிட்டால் அவர் தயங்காமல் சொல்வார்.

மூன்று விஷயம் அவர் வாயால் வர வேண்டும். ஏற்கும் பில் 2 லட்சம் என்றால் தன் பங்கு எவ்வளவு. எத்தனை ரூபாய் அறை வரை எடுக்கலாம். தன் பழைய நோய்க்கு எந்தத் தேதியிலிருந்து பணம். ஒன்றில் தடுமாறினால் அதை மட்டும் வேறு வார்த்தையில் சொல்லுங்கள், முழுவதையும் மறுபடி ஆரம்பிக்காதீர்கள். இரண்டில் தடுமாறினால் அன்று கையெழுத்து வாங்க வேண்டாம். தாளை வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள்.

காது மந்தமானவர்களிடம் சத்தமாகப் பேசுவதைவிட மெதுவாக, முகம் தெரியும்படி, டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசுவது பலன் தரும்.

எழுபது வயதைத் தாண்டியவருக்கு அரசு அட்டை உண்டே. அதைச் சொன்னால் நம் விற்பனை போய்விடாதா?

சில இடத்தில் போகும். இருந்தாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 29ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் விரித்தார்கள். வருமான வரம்பு இல்லை, ஆண்டுக்கு 5 லட்சம், வயதுக்கு ஆதார்தான் சான்று. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் இதில் சேரலாம். ஆனால் வெலிங்டன் பக்கம் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரைப் போல இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் வைத்திருப்பவர்கள், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மாநில அரசு ஓய்வூதியர் என்றால், ஓய்வூதியத்தில் ஏற்கெனவே மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தம் போகிறதா என்று பாருங்கள்.

பிறகு கேட்க வேண்டியது ஒன்றே: அவர் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அந்த அரசுத் திட்டத்தில் இருக்கிறதா, அவருக்கு வர வாய்ப்புள்ள சிகிச்சை அங்கே அந்தத் திட்டத்தில் நடக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், 72 வயதில் கோ-பேயோடு பெரிய பிரீமியம் கட்டச் சொல்ல உங்களிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை. அட்டை எடுக்க உதவிவிட்டு வாருங்கள். அந்த வீட்டில் 61 வயது தம்பி இருப்பார், அவருக்கு இந்த 70 வயது அட்டை கிடைக்காது.

ஆஸ்பத்திரி பட்டியலை எப்படிக் காட்டுவது? கம்பெனி ஆயிரக்கணக்கில் கொடுக்கிறது.

ஆயிரத்தில் அவருக்கு வேண்டியது ஐந்தோ ஆறோதான். மலைக்காரருக்கு முதல் கேள்வி எப்போதும் "கீழே எங்கே போறது" என்பதே. ஊட்டியிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் உள்ளவற்றைக் குறியுங்கள். மலையிலேயே முதலுதவிக்குச் சேர்க்கக்கூடியது ஒன்றையும் சேருங்கள். மழைக் காலத்தில் பர்லியார் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகத்தான் வண்டி இறங்கும். எனவே நேரத்தைப் பற்றி வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் கதை வேறு. அங்கிருந்து பலர் வைத்தியத்துக்குக் கேரளாவுக்கோ மைசூருக்கோதான் போகிறார்கள். கோவைப் பட்டியலை நீட்டினால் உங்களுக்கு ஊரே தெரியாது என்று முதல் நிமிடத்திலேயே புரிந்துகொள்வார்கள். மண்டலம் பிரித்துப் பிரீமியம் வாங்கும் பாலிசி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். குறைந்த மண்டலத்துக்குப் பணம் கட்டிவிட்டு உயர்ந்த மண்டல நகரத்தில் படுத்தால் சில பாலிசிகளில் கூடுதல் கோ-பே உண்டு. அவர் போகும் ஊர் எந்த மண்டலம் என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். தாளில் தேதி போடுங்கள், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அந்த ஐந்தாறு ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து இன்னும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புதிய தாள் கொடுங்கள். ஆம்புலன்ஸுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் ஒரு வரம்பு இருக்கும். மலையிலிருந்து இறங்கும் வண்டிக்கு அது போதுமா என்று அங்கே வண்டி வைத்திருப்பவரிடம் வாடகை கேட்டு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

படிவத்தில் போன் நம்பர், மெயில் எல்லாம் என்னுடையதையே போட்டுவிடலாமா? அவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது.

கூடாது. அவருடைய நம்பரையே போடுங்கள், பட்டன் போனுக்கும் எஸ்.எம்.எஸ். வரும். மெயில் வேண்டுமென்றால் அவர் சொல்லும் பிள்ளையுடையது. உங்கள் நம்பரைப் போட்டால் பாலிசி, புதுப்பித்தல் நினைவூட்டல், கிளைம் தகவல் எல்லாம் உங்களுக்கே வரும். நீங்கள் ஊரில் இல்லாத ஒரு மாதத்தில் பாலிசி காலாவதியாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை கட்டும் பாலிசிக்குச் சலுகை நாட்கள் 30. அதைத் தாண்டினால், அவர் கடந்து வந்த காத்திருப்புக் காலம் எல்லாம் வீண்.

ஓ.டி.பி.யை அவரிடம் வாங்கி நீங்கள் தட்டுவதும் வேண்டாம். வங்கியும் போலீசும் "யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீங்க" என்று அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதைக் கேட்கிற நொடியில் உங்களையும் மோசடிக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார், இல்லையென்றால் உங்களிடம் கொடுத்துப் பழகி அடுத்தவன் கேட்டாலும் கொடுத்துவிடுவார். இரண்டும் கெடுதல். பிரீமியத்தைக் கம்பெனி பெயரில் காசோலையாக வாங்கி, பின்னால் படிவ எண்ணை எழுதி, ரசீது கொடுங்கள்.

கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தமிழில் பேசக் கேளுங்கள் என்றும் சொல்லுங்கள். "எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லித்தராதீர்கள். அந்த அழைப்பு பதிவாகிறது. நாளைக்குக் கிளைமில் அதுவே அவருக்கு எதிராகப் பேசும்.

மகன் பெங்களூரில் இருக்கிறார், பணம் கட்டப்போவதும் அவரே. யாரிடம் பேசுவது?

பெரியவரிடம். மகனை போனில் ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பார்வையும் பேச்சும் எதிரில் இருப்பவரிடம் இருக்கட்டும். "அப்பாவுக்கு என்ன நோய்" என்று மகனிடம் கேட்கிற முகவரைப் பெரியவருக்குப் பிடிக்காது. தவிர, மகனுக்கு அது பாதிதான் தெரிந்திருக்கும். பேசி முடித்ததும் அதே தாளைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். அப்பாவுக்கு ஒரு கணக்கு, மகனுக்கு வேறு கணக்கு என்று ஆகாது.

எந்த மாதத்தில் பாலிசியைத் தொடங்குவது நல்லது?

சம்பளம், ஓய்வூதியம் வாங்குபவருக்கு எதுவானாலும் ஒன்றுதான். சிறு தேயிலை விவசாயிக்கு அப்படி இல்லை. பச்சைத் தேயிலைப் பணத்தை நம்பி இருப்பவருக்கு உறைபனி விழும் மாதங்களில் இலை குறையும், கையும் காயும். ஜனவரியில் ஆரம்பித்தால் ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்பிக்க வேண்டும். இலை நன்றாக வரும் மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். தவணையில் கட்டும் வசதி சில பாலிசிகளில் உண்டு. அந்த வருடம் கிளைம் வந்தால் மிச்சத் தவணையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"பிரீமியம் ஏறாது" என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது, ஏறும். மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அது ஏற்றவே முடியாது என்று ஆகாது. இப்போதைய பிரீமியத்தையும், ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் ஏறினால் ஐந்தாம் புதுப்பித்தலில் எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதிக் காட்டுங்கள். 30,000 என்றால் 48,300க்குப் பக்கத்தில் வரும். அதைக் கட்ட முடியாதவர் சின்னத் தொகை பாலிசியில் இப்போதே தொடங்கட்டும். வரிச் சலுகையைக் காட்டி விற்பதும் வேண்டாம். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அது.

ஊர்ப் பெரியவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ அறிமுகம் செய்தால் கமிஷனில் பங்கு கொடுக்கலாமா? முதல் வருடப் பிரீமியத்தில் தள்ளுபடி?

இரண்டும் இன்சூரன்ஸ் சட்டப்படி கூடாது. உரிமம் இல்லாதவருக்கு விற்பனைக்காகப் பணம் தருவதை 40வது பிரிவும், கமிஷனைப் பங்கு போட்டுத் தள்ளுபடி தருவதை 41வது பிரிவும் தடுக்கின்றன. அபராதம் 10 லட்சம் வரை போகும். சட்டத்தை விடுங்கள், அந்த ஆசிரியருக்குக் காசு போனது வெளியே தெரிந்தால் அவர் பேரும் கெடும், உங்கள் பேரும் கெடும். காசு வாங்காத அறிமுகத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

பாலிசி வந்த பிறகு "வேண்டாம்" என்கிறார். பேசி மனதை மாற்றலாமா?

ஒரு தடவை காரணம் கேளுங்கள், அதோடு விடுங்கள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவர் திருப்பித் தரலாம். காப்பு இருந்த நாட்களுக்கான பங்கு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி வரும். கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுத்து, கிளையில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை அவரிடம் கொடுங்கள். நாள் கடத்தி 31ஆம் நாள் ஆக்கும் வேலையைச் செய்த முகவர் அந்த ஹட்டியில் மறுபடி உட்கார முடியாது.

கிளைமைத் தள்ளிவிட்டார்கள். நான் என்ன செய்ய முடியும்?

முதலில் போனை எடுங்கள். பல முகவர்கள் இந்த ஒரு வாரம்தான் காணாமல் போவார்கள்.

தள்ளிய கடிதத்தை வாங்கி, எந்த நிபந்தனையைக் காட்டித் தள்ளினார்கள் என்று பாருங்கள். பழைய நோய் என்று சொல்லியிருந்தால் படிவத்தின் நகலை எடுங்கள். மாத்திரைப் பெயர்களை எழுதியிருந்தீர்கள் அல்லவா, அது இப்போது உதவும். ஆஸ்பத்திரிக் குறிப்பில் பிழை இருந்தால் சிகிச்சை தந்த மருத்துவரிடம் திருத்தக் கடிதம் கேளுங்கள். "சுகர் 3 வருடமாக" என்று எழுத வேண்டியதை அவசரத்தில் "13" என்று எழுதிவிடுவது நடக்கக் கூடியதுதான். காத்திருப்புக் காலத்துக்குள் வந்த கிளைம் என்றால், தேதி எழுதிய தாளைக் காட்டி, பணம் வராது என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள், வீணாக அலைய விடாதீர்கள்.

நியாயம் அவர் பக்கம் என்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கே எடுப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மனுவில் கையெழுத்து பாலிசிதாரருடையதாக இருக்க வேண்டும். படிவ நகல், பாலிசி, தள்ளிய கடிதம், கம்பெனிக்கு எழுதிய புகார் ஆகியவற்றை இந்த வரிசையில் இணையுங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி அவர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.